ஆயிரம் கீலங்களில் ஆயிரம் பிழைகள்

செவ்வகமொன்றின் பரப்பளவைக் காண்பதற்குச் சிறு வயதிலேயே கற்றுக்கொள்கிறோம். நீளத்தை அகலத்தால் பெருக்கினால் போதும். முக்கோணியென்றால் அதில் பாதி. நேர்கோடுகளால் அடைபட்ட உருவம் எதுவாயினும் அதை முக்கோணிகளாக வெட்டி, ஒவ்வொன்றின் பரப்பளவையும் கண்டு, கூட்டிவிடலாம். ஆனால் உருவத்தின் ஒரு பக்கம் வளைந்து விடுமாயின் இந்த வழி அடைபட்டுப் போகிறது. வளைந்த ஓரத்தை எத்தனை முக்கோணிகளாக வெட்டினாலும் கடைசியில் ஒரு வளைந்த துண்டு மிஞ்சிக்கொண்டே இருக்கும்.

உயர்தர இணைந்த கணிதத்தில் இத்தகைய பரப்பளவுகளைத் தொகையீட்டின் மூலம் இரண்டு வரியில் கண்டுவிடுகிறோம். வகையிட்டால் x² வரக்கூடிய சார்பு x³/3. அதில் 1ஐயும் 0ஐயும் பிரதியிட்டுக் கழித்தால் விடை 1/3. விடை சரிதான். ஆனால் வகையீட்டைத் தலைகீழாகச் செய்தால் ஏன் ஒரு பரப்பளவு வரவேண்டும்? "பரப்பளவு" என்ற சொல்லுக்கே, ஓரம் வளைந்திருக்கும்போது என்ன பொருள்? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடினால் நாம் போய்ச் சேரும் இடம் மெல்லிய செவ்வகங்களின் கூட்டுத்தொகை. ஜேர்மனியக் கணிதவியலாளர் பேர்ண்ஹாட் ரீமானின் பெயரால் அது ரீமான் கூட்டுத்தொகை எனப்படுகிறது. வாசகத் தோழியரே, ஒரு வரைபுத்தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு இக்கட்டுரையுடன் கூடவே வாருங்கள்.

நான்கு கீலங்களுடன் தொடங்குவோம்

y = x² என்ற வளையியை x = 0 இலிருந்து x = 1 வரை வரைந்துகொள்வோம். வளையிக்கும் x அச்சுக்கும் x = 1 என்ற நிலைக்குத்துக் கோட்டுக்கும் இடையில் அடைபட்டுள்ள பகுதியின் பரப்பளவே நமக்குத் தேவை. அதை A என்போம். வகையீட்டையும் தொகையீட்டையும் சற்று நேரம் மறந்துவிட்டு, செவ்வகத்தின் பரப்பளவு மட்டுமே தெரிந்தவர்களாக இதை அணுகுவோம்.

0 தொடக்கம் 1 வரையான தூரத்தை நான்கு சமபங்குகளாகப் பிரித்தால் ஒவ்வொரு பங்கின் அகலமும் 0.25 ஆகும். பிரியும் இடங்களில் வளையியின் உயரங்கள் முறையே 0, 0.0625, 0.25, 0.5625, 1 என அமையும். இப்போது ஒவ்வொரு பங்கின் மீதும் ஒரு செவ்வகக் கீலத்தை நிறுத்த வேண்டும். எந்த உயரத்துக்கு நிறுத்துவது? நம்முடைய வளையி இடமிருந்து வலமாக ஏறிக்கொண்டே போகிறது. ஆகவே ஒவ்வொரு கீலத்துக்கும் அதன் இடப்பக்க உயரத்தை எடுத்தால் கீலம் முழுவதும் வளையிக்குக் கீழே அடங்கிவிடும். வலப்பக்க உயரத்தை எடுத்தால் கீலம் வளையியை மூடிக்கொண்டு மேலே நிற்கும்.

இடப்பக்க உயரங்களை எடுத்தால் கிடைப்பது:

0.25 × (0 + 0.0625 + 0.25 + 0.5625) = 0.21875

வலப்பக்க உயரங்களை எடுத்தால் கிடைப்பது:

0.25 × (0.0625 + 0.25 + 0.5625 + 1) = 0.46875

முதலாவதைக் கீழ்க் கூட்டுத்தொகை என்றும் இரண்டாவதை மேற் கூட்டுத்தொகை என்றும் அழைப்போம். இவற்றுள் எதுவும் A அல்ல. ஆயினும் A இவ்விரண்டுக்கும் இடையில்தான் இருக்கிறது என்பதை உறுதியாகச் சொல்லலாம். ஏனெனில் கீழ்க் கீலங்கள் எல்லாம் நமது பகுதிக்குள் அடங்கிக் கிடக்கின்றன. மேற் கீலங்கள் நமது பகுதியை முழுவதாக மூடிக்கொண்டிருக்கின்றன. இந்த முறையின் பலம் இதுவே. விடை தெரியாத நிலையிலும் விடை எந்த வேலிக்குள் நிற்கிறது என்பது நமக்குத் தெரிகிறது.

கீலங்களை மெலிதாக்குவோம். பத்துக் கீலங்கள் எடுத்தால் வேலியின் இரு ஓரங்களும் 0.285, 0.385 ஆகின்றன. நூறு கீலங்கள் எடுத்தால் 0.32835, 0.33835. ஆயிரம் எடுத்தால் 0.3328335, 0.3338335. இரண்டு ஓரங்களும் 0.3333… என்ற இடத்தை நோக்கி நெருங்கி வருவது கண்ணுக்கே தெரிகிறது.

ஆயிரம் வர்க்கங்களைக் கையால் கூட்ட வேண்டிய அவசியமில்லை. தொடர்கள் என்ற அலகில் கணிதத் தொகுத்தறிவால் நாம் நிறுவும் ஒரு முடிபு இங்கே கைகொடுக்கிறது:

1² + 2² + 3² + … + n² = n(n + 1)(2n + 1)/6

கீலங்களின் எண்ணிக்கை n எனில் ஒவ்வொன்றின் அகலமும் 1/n. k ஆவது கீலத்தின் வலப்பக்க உயரம் (k/n)². எல்லாவற்றையும் கூட்டி மேலுள்ள முடிபைப் பிரதியிட்டுச் சுருக்கினால்,

மேற் கூட்டுத்தொகை = 1/3 + 1/(2n) + 1/(6n²)

கீழ்க் கூட்டுத்தொகை = 1/3 − 1/(2n) + 1/(6n²)

n பெரிதாகப் பெரிதாக 1/(2n) உம் 1/(6n²) உம் பூச்சியத்தை நெருங்குகின்றன. நடுவில் அகப்பட்ட A இற்கு 1/3 ஐத் தவிர வேறு பெறுமானம் இருக்க முடியாது. தொகையீடு தந்த அதே விடை, வகையீட்டின் உதவி எதுவுமின்றிக் கிடைத்துவிட்டது.

இவ்வாறு உள்ளும் புறமும் வைத்து நெருக்கும் வழி மிகப் பழையது. ஆக்கிமிடீஸ் இதைக் கையாண்டார். பஸறாவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், பதினோராம் நூற்றாண்டில், இதைக்கொண்டு ஒரு திண்மத்தின் கனவளவையே கண்டார். பரவளைவின் ஒரு பாதியை அதன் அச்சுக்குச் செங்குத்தான கோடொன்றைப் பற்றிச் சுழற்றினால் கிடைக்கும் திண்மம் அது. அதை அவர் மெல்லிய வட்டத்தட்டுகளாக வெட்டி, உள்ளடங்கும் தட்டுகளையும் வெளியே மூடும் தட்டுகளையும் கூட்டினார். நமக்கு வர்க்கங்களின் கூட்டுத்தொகை தேவைப்பட்டது போல அவருக்கு நான்காம் அடுக்குகளின் கூட்டுத்தொகை தேவைப்பட்டது. அதற்கான சூத்திரத்தையும் அவரே பெற்றார். அத்திண்மம் தன்னைச் சூழும் உருளையின் 8/15 பங்கு என்பது அவர் கண்ட விடை.

பிழைகள் சேர்ந்துவிடாதா?

பத்தாம் தரத்தில் படிக்கும் என் தங்கை, நான் வரைபுத்தாளில் கீலங்களை நிழற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுக் கேட்ட கேள்விதான் இக்கட்டுரைக்குக் காரணம்.

"ராத்தா, ஒவ்வொரு கீலத்துலயும் ஒரு மூலை வெளிய நீட்டிக்கிட்டு நிக்குதே. அது பிழைதானே? ஆயிரம் கீலம் வெச்சா ஆயிரம் பிழை வருமே. எல்லாம் சேந்தா இன்னும் பெருசா வராதா?"

இது இலேசாகத் தள்ளிவிடக்கூடிய கேள்வியல்ல. "கீலம் மெலியும்போது பிழையும் சிறுத்துவிடும்" என்று சொல்வது போதிய பதிலாகாது. ஒவ்வொரு பிழையும் சிறுக்கிறது என்பது உண்மை. அதே வேளையில் பிழைகளின் எண்ணிக்கை பெருகுகிறது என்பதும் உண்மை. இரண்டில் எது முந்துகிறது என்பதைக் கணக்கிட்டே சொல்ல வேண்டும்.

முதலில் படத்தைப் பார்ப்போம். மேற் கீலத்துக்கும் கீழ்க் கீலத்துக்கும் இடையில் ஒவ்வொரு பங்கிலும் ஒரு சிறு செவ்வகத் துண்டு இருக்கிறது. வளையி அந்தத் துண்டின் கீழ் இட மூலையிலிருந்து மேல் வல மூலைக்கு ஏறிச் செல்கிறது. நமது பிழை முழுவதும் இந்தத் துண்டுகளுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. துண்டுகள் எல்லாவற்றுக்கும் அகலம் ஒன்றே, அதாவது 1/n. ஒரு துண்டின் மேல் விளிம்பு எந்த உயரத்தில் முடிகிறதோ, அதே உயரத்தில்தான் அடுத்த துண்டின் கீழ் விளிம்பு தொடங்குகிறது.

ஆகவே எல்லாத் துண்டுகளையும் கிடையாக வலப்பக்கம் தள்ளிக் கடைசிப் பங்குக்குக் கொண்டுவருவோம். ஒன்றன் மேலொன்றாக, இடைவெளியும் இன்றி ஒன்றையொன்று மூடுதலும் இன்றி, அவை அடுக்கி நிற்கும். அடுக்கின் அடி உயரம் 0, உச்சி உயரம் 1, அகலம் 1/n. எனவே துண்டுகள் அனைத்தினதும் மொத்தப் பரப்பளவு சரியாக 1/n. நான்கு கீலங்களில் 0.46875 − 0.21875 = 0.25 என்று வந்ததையும், பத்துக் கீலங்களில் 0.385 − 0.285 = 0.1 என்று வந்ததையும் திரும்பப் பார்த்தால் இது புரியும்.

தங்கைக்கு நான் காட்டியது இதைத்தான். கடதாசியில் துண்டுகளை வெட்டி ஒரே நிரலில் அடுக்கிக் காட்டியதும் அவள் ஏற்றுக்கொண்டாள். ஆயிரம் பிழைகள் இருந்தும் அவை எல்லாம் சேர்ந்து ஆயிரத்தில் ஒன்று அகலமுள்ள ஒரே தூணுக்குள் அடங்கிவிடுகின்றன.

இதையே எண்களால் சொன்னால் காரணம் இன்னும் தெளிவாகும். பத்துக் கீலங்கள் எடுக்கும்போது மிகப் பெரிய துண்டு கடைசித் துண்டு. அதன் உயரம் 1 − 0.81 = 0.19. அகலம் 0.1. பரப்பளவு 0.019. நூறு கீலங்கள் எடுக்கும்போது கடைசித் துண்டின் உயரம் 1 − 0.9801 = 0.0199, அகலம் 0.01, பரப்பளவு 0.000199. எண்ணிக்கை பத்து மடங்கு பெருகியபோது ஒவ்வொரு துண்டும் ஏறத்தாழ நூறு மடங்கு சிறுத்துவிட்டது. கீலம் மெலியும்போது துண்டின் அகலமும் குறைகிறது, உயரமும் குறைகிறது. இரு பக்கமும் குறைவதால் பரப்பளவு இரட்டிப்பு வேகத்தில் குறைகிறது. எண்ணிக்கையோ ஒற்றை வேகத்தில்தான் கூடுகிறது. ஓட்டத்தில் சிறுத்தலே வெல்கிறது.

அதே படிக்கட்டு ஏமாற்றும் இடம்

தங்கை அத்துடன் விடவில்லை. "அப்ப படிய பொடிசாக்கினா வளைகோடாவே ஆகிடும். அந்தப் படிக்கட்டின் ஓரத்தை அளந்தா வளைகோட்டின் நீளமும் வந்துடுமா?" என்றாள்.

கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. இதைச் சோதிப்பதற்கு வளையிகூடத் தேவையில்லை. ஒரு அலகு பக்கமுள்ள சதுரத்தின் மூலைவிட்டத்தை எடுப்போம். அதன் நீளம் √2, அண்ணளவாக 1.414. மூலைவிட்டத்தின் ஓரமாக ஒரு படிக்கட்டை வரைவோம். ஒரே படியாயின் கிடையாக 1, நிலைக்குத்தாக 1, மொத்த நீளம் 2. பத்துப் படிகளாயின் கிடையாக 0.1 வீதம் பத்து, நிலைக்குத்தாக 0.1 வீதம் பத்து, மொத்தம் மறுபடியும் 2. ஆயிரம் படிகள் எடுத்தாலும் 2. பத்து இலட்சம் படிகள் எடுத்தால் படிக்கட்டுக்கும் மூலைவிட்டத்துக்கும் இடையில் கண்ணால் வேறுபாடு காண முடியாது. அப்போதும் நீளம் 2. அது 1.414 ஐ நோக்கி ஓர் அணுவளவும் நகர்வதில்லை.

எங்கே குழம்பியது? முன்னைய கணக்கையே மறுபடி போட்டுப் பார்ப்போம். n படிகள் இருப்பின் ஒரு படியின் நீளம் 2/n. அதற்குரிய மூலைவிட்டத் துண்டின் நீளம் 1.414/n. ஒரு படியில் உள்ள பிழை ஏறத்தாழ 0.586/n. படிகள் பத்து மடங்காகும்போது பிழை பத்திலொன்றாகத்தான் சிறுக்கிறது. சிறுத்தலும் பெருகலும் ஒரே வேகத்தில் ஓடுகின்றன. n பிழைகளைக் கூட்டினால் என்றைக்கும் 0.586 மிஞ்சுகிறது.

அதே படத்தில் படிக்கட்டுக்கும் மூலைவிட்டத்துக்கும் இடைப்பட்ட பரப்பைப் பார்த்தால் கதை வேறு. அங்கே n சிறு முக்கோணிகள் உள்ளன. ஒவ்வொன்றின் பரப்பளவும் 1/(2n²). மொத்தம் 1/(2n). அது பூச்சியத்தை நெருங்குகிறது. ஆக, ஒரே படிக்கட்டு பரப்பளவைச் சரியாகச் சொல்கிறது, நீளத்தைப் பிழையாகச் சொல்கிறது. "படம் ஒத்துப்போகிறது" என்பதை ஆதாரமாகக் கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. n துண்டுகளைக் கூட்டும்போது ஒவ்வொரு துண்டின் பிழையும் 1/n ஐ விட வேகமாகச் சிறுக்க வேண்டும். அப்படியாயின் மொத்தப் பிழை மறையும். அந்த வேகம் இல்லாவிடின் எத்தனை கோடி துண்டுகளாக்கினாலும் மறையாது.

தலைகீழ் வகையீடு கைவிடும்போது

x² இன் பரப்பளவைக் காண நமக்கு வேறு வழியும் இருந்தது. ஆனால் y = e^(−x²) என்ற வளையியை எடுத்துப் பாருங்கள். புள்ளிவிபரவியலில் வரும் மணி வடிவ வளையி இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. வகையிட்டால் e^(−x²) வரக்கூடிய சார்பை, பல்லுறுப்பிகள், திரிகோண கணிதச் சார்புகள், அடுக்குக்குறிச் சார்புகள், மடக்கைகள் ஆகியவற்றை எப்படிச் சேர்த்தாலும் எழுத முடியாது. அது நிறுவப்பட்ட உண்மை. ஆனால் வளையியின் கீழே பரப்பு இருக்கத்தான் செய்கிறது. செவ்வகங்களே இங்கே நமக்குத் துணை.

0 இலிருந்து 1 வரை நான்கு கீலங்கள் எடுப்போம். உயரங்கள் முறையே 1, 0.9394, 0.7788, 0.5698, 0.3679. இந்த வளையி இறங்கிச் செல்வதால் இம்முறை இடப்பக்க உயரங்களே மேற் கூட்டுத்தொகையைத் தருகின்றன. அது 0.8220. வலப்பக்க உயரங்கள் தரும் கீழ்க் கூட்டுத்தொகை 0.6640. விடை இவற்றுக்கு இடையில் உள்ளது.

இந்த வேலியை எவ்வளவு நெருக்க வேண்டும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். துண்டுகளைத் தள்ளி அடுக்கும் வித்தை, ஏறிக்கொண்டே போகும் அல்லது இறங்கிக்கொண்டே போகும் எந்த வளையிக்கும் பொருந்தும். அடுக்கின் உயரம் இரு முனைகளின் உயர வேறுபாடு. இங்கே அது 1 − 0.3679 = 0.6321. அகலம் 1/n. ஆகவே வேலியின் அகலம் 0.6321/n. அதை 0.001 இலும் குறைவாக்க வேண்டுமெனில் 633 கீலங்கள் போதும். விடை இன்னதென்று தெரியாமலே, அதை எவ்வளவு திருத்தமாகப் பிடிப்போம் என்று உத்தரவாதம் கொடுக்க முடிகிறது.

633 கீலங்கள் கையால் செய்யக்கூடியதல்ல. அதற்கு ஒரு சிக்கனமான வழி, கீலத்தின் நடுப்புள்ளியில் உள்ள உயரத்தை எடுப்பது. அப்போது கீலத்தின் ஒரு பாதியில் வளையிக்கு மேலே நீட்டி நிற்கும் பகுதியும், மறு பாதியில் வளையிக்குக் கீழே குறைந்து நிற்கும் பகுதியும் ஒன்றையொன்று பெரும்பாலும் ஈடுசெய்துவிடுகின்றன. x² இற்கு நான்கு கீலங்களை நடுப்புள்ளியில் எடுத்தால் 0.328125 வருகிறது. பிழை 0.0052 மாத்திரமே. வலப்பக்கத்தை எடுத்தபோது பிழை 0.135 ஆக இருந்தது. e^(−x²) இற்கு அதே நான்கு கீலங்கள் நடுப்புள்ளியில் 0.7487 ஐத் தருகின்றன. உண்மைப் பெறுமானம் 0.7468. கீலங்களின் எண்ணிக்கையைக் கூட்டாமல், உயரம் எடுக்கும் இடத்தை மாற்றியதால் மட்டும் கிடைத்த இலாபம் இது.

ஆனால் இங்கே ஒரு பொறியும் உண்டு. மேற்சொன்ன உத்தரவாதம், வளையி ஒரே திசையில் ஏறும்போது அல்லது இறங்கும்போதுதான் செல்லும். y = x(1 − x) என்ற வளையி 0 இலிருந்து 1 வரை ஒரு குன்று போல ஏறி இறங்குகிறது. இரண்டு கீலங்கள் எடுத்து இடப்பக்க உயரங்களைக் கூட்டினால் 0.125. வலப்பக்க உயரங்களைக் கூட்டினாலும் 0.125. இரண்டும் ஒத்துப்போவதைக் கண்டு விடை 0.125 என்று முடிவுகட்டினால் ஏமாந்துபோவோம். உண்மையான பரப்பளவு 1/6, அதாவது 0.1667. இரு முனைகளிலும் உயரம் சமமாக இருப்பதனால் மட்டும் வந்த ஒற்றுமை அது. இந்தக் குன்றில் இடப்பக்கக் கூட்டுத்தொகை கீழ்க் கூட்டுத்தொகையும் அல்ல, மேற் கூட்டுத்தொகையும் அல்ல. குன்றின் உச்சியான x = 0.5 இல் வளையியை இரண்டாக வெட்டி, ஏறும் பக்கத்தையும் இறங்கும் பக்கத்தையும் தனித்தனியே நெருக்கினால் வேலி மறுபடியும் நம்பத்தக்கதாகிவிடும். எனவே கூட்டத் தொடங்குமுன் வளையி எங்கே திரும்புகிறது என்று பார்த்துக்கொள்வது அவசியம்.

ரீமான் கேட்ட கேள்வி

இவ்வளவு பழைய முறைக்கு 1826இல் பிறந்த ஒருவரின் பெயர் ஏன் வந்தது? அவருக்கு முன்பே பிரான்சின் கோஷி, தொடர்ச்சியான சார்புகளின் தொகையீட்டைக் கூட்டுத்தொகைகளின் எல்லையாக வரையறுத்திருந்தார். 1854இல் ஜேர்மனியின் கொட்டிங்கன் பல்கலைக்கழகத்தில், திரிகோண கணிதத் தொடர்கள் பற்றி எழுதிய ஆய்வில் ரீமான் கேள்வியைத் திருப்பிப் போட்டார். தொடர்ச்சியான சார்பு என்று முதலிலேயே ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்? சார்பு எப்படிப்பட்டதாகவும் இருக்கட்டும். கீலங்கள் சம அகலமாக இருக்க வேண்டியதும் இல்லை. ஒவ்வொரு கீலத்திலும் உயரத்தை இடப்பக்கத்திலோ வலப்பக்கத்திலோ நடுவிலோ, விரும்பிய எந்த இடத்திலும் எடுக்கலாம். எப்படி எடுத்தாலும், மிக அகன்ற கீலத்தின் அகலம் பூச்சியத்தை நெருங்கும்போது கூட்டுத்தொகை ஒரே எண்ணை நெருங்குமாயின், அந்த எண்ணே தொகையீடு. அப்படி நெருங்காவிடின் அச்சார்புக்கு இந்தப் பொருளில் தொகையீடு இல்லை. அந்த ஆய்வு, 1866இல் தனது 39ஆவது வயதில் ரீமான் மறைந்த பின்னரே அச்சில் வெளிவந்தது.

"இல்லை" என்று சொல்ல வேண்டிய சார்பும் உண்டா? உண்டு. திரிச்லே என்ற கணிதவியலாளர் 1829இல் குறிப்பிட்ட வகையைச் சேர்ந்த ஒரு சார்பைப் பாருங்கள். x ஒரு விகிதமுறும் எண்ணாயின் உயரம் 1. விகிதமுறா எண்ணாயின் உயரம் 0. இப்போது 0 இற்கும் 1 இற்கும் இடையில் எவ்வளவு மெல்லிய கீலத்தை எடுத்தாலும் அதற்குள் இரு வகை எண்களும் இருக்கும். மேற் கீலங்கள் எல்லாம் 1 உயரம். அவற்றின் கூட்டுத்தொகை எப்போதும் 1. கீழ்க் கீலங்கள் எல்லாம் 0 உயரம். அவற்றின் கூட்டுத்தொகை எப்போதும் 0. வேலியின் அகலம் 1 ஆகவே நின்றுவிடுகிறது.

காரணம் நமக்குப் பழக்கமானதே. ஒவ்வொரு கீலத்திலும் பிழைத்துண்டின் அகலம் 1/n ஆகக் குறைகிறது, உயரமோ 1 இலிருந்து குறைவதே இல்லை. துண்டின் பரப்பளவு 1/n. அப்படி n துண்டுகள். மொத்தம் 1. படிக்கட்டின் நீளத்தில் நடந்தது போலவே இங்கும் சிறுத்தலும் பெருகலும் ஒரே வேகத்தில் ஓடுகின்றன. x² இல் நமக்குக் கைகொடுத்தது, கீலம் மெலியும்போது உயர வேறுபாடும் கூடவே சுருங்கியதுதான். ஆகவே ஒரு சார்பைத் தொகையிட முடியுமா என்ற கேள்வி, அதன் பிழைத்துண்டுகளை எல்லாம் சேர்த்து நாம் விரும்பும் அளவுக்குச் சுருக்க முடியுமா என்ற கேள்வியாகிவிடுகிறது.

நாம் தினமும் எழுதும் ∫ என்ற குறியீட்டை இனி ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். அது கூட்டுத்தொகை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லின் முதலெழுத்தான எஸ் என்பதை நீட்டி லைப்னிட்ஸ் எழுதிய வடிவம். அதையடுத்து வரும் x² கீலத்தின் உயரம். dx அதன் அகலம். "உயரம் பெருக்கல் அகலம், எல்லாவற்றையும் கூட்டு" என்பதையே அது சொல்கிறது.

வாசகிகளுக்கு ஒரு பயிற்சி. y = x³ என்ற வளையியை 0 இலிருந்து 1 வரை எடுங்கள். 1³ + 2³ + … + n³ = n²(n + 1)²/4 என்ற முடிபைக் கொண்டு மேற் கூட்டுத்தொகையையும் கீழ்க் கூட்டுத்தொகையையும் காணுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இங்கும் சரியாக 1/n ஆகத்தான் வரும். வளையி வேறாக இருந்தும் வேறுபாடு ஏன் மாறவில்லை என்பதைத் துண்டுகளைத் தள்ளி அடுக்கிப் பார்த்துக் கண்டுபிடியுங்கள். நடுவில் அகப்படும் எண் 1/4 என்பது அப்போது தானாகவே தெரியவரும்.